பதினேழு பக்கமும் பத்து நிமிடமும்: டர்பனிலுள்ள நம் தமிழ்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும், இவ்வாண்டு முதன்முறையாக ஆண்டறிக்கையை மேடையில் சொல்லவிருக்கும் புதிய செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

வருகிற மே மாதம் நடைபெறவுள்ள ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கைக்குப் பத்து நிமிடம் மட்டும் ஒதுக்குவதென்று நீங்கள் தீர்மானித்திருப்பதாக அறிந்தேன். பதினோரு ஆண்டுகள் அந்த மேடையில் நின்று, சில ஆண்டுகளில் முக்கால் மணி நேரம் வரை வாசித்து, முன்வரிசைப் பெரியவர்களைக் கண்ணயர வைத்தவன் என்ற முறையில் இந்தத் தீர்மானத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் செயலாளருக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பில் "அறிக்கையைச் சுருக்கி வாசிக்கவும்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது, இந்த மடலை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஏனெனில் நானும் ஒரு முறை அப்படித்தான் சுருக்கினேன். அச்சிட்ட அறிக்கையில் சரியாக இருந்த இரண்டு செய்திகள், நான் வாயால் சொன்னபோது தவறாகிப் போயின. அதன் விளைவைச் சங்கம் பிறகு பல மாதங்கள் சுமக்க நேர்ந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் அறிய வேண்டும் என்பதால் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன். தொகைகளை மட்டும், விகிதம் கெடாதபடி, முழு எண்களாக மாற்றித் தருகிறேன்.

நான் சொல்வது 2022 மார்ச் 1 முதல் 2023 பிப்ரவரி 28 வரையிலான ஆண்டுக்குரிய அறிக்கை. பதினேழு பக்கம். நம் வழக்கப்படி துணைக்குழு வாரியாக எழுதப்பட்டது: முதலில் கோயில் மற்றும் விழாக்கள், அடுத்து தமிழ் வகுப்பு, அதன்பின் மகளிர் பிரிவு, முதியோர், விளையாட்டு, சமூகநலம், நூலகம், கடைசியில் செயற்குழுக் கூட்டங்களின் வருகைப் பட்டியலும் நன்றி நவிலலும். ஒவ்வொரு துணைக்குழுவும் தன் பங்கைத் தானே எழுதித் தந்ததால், அதிகம் செய்த குழுவைவிட அதிகம் எழுதத் தெரிந்த குழுவுக்கே அதிகப் பக்கம் கிடைத்திருந்தது. விளையாட்டுப் போட்டிக்கு இரண்டரைப் பக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம்மவர்கள் செய்த பணிக்குப் பதின்மூன்றாம் பக்கத்தில் ஏழு வரி.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தபோது, கூட்டத்தார் பின்தொடரும் வேகத்தில் என்னால் நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல்தான் சொல்ல முடிந்தது. நம் அறிக்கையின் ஒரு பக்கத்தில் இருநூற்றிருபது சொல் வரை இருக்கும். ஆகவே பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம், பதினேழு பக்கத்துக்கு நாற்பது நிமிடத்துக்கும் மேல். பத்து நிமிடத்தில் அடங்குவது நான்கு பக்கம். அதிலும் அவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களின் பெயர்களைச் சொல்லி எழுந்து நிற்க இரண்டரை நிமிடம் போய்விடும். மற்ற எந்தப் பட்டியலை விட்டாலும் இந்த ஒன்றை முழுமையாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. தாத்தாவின் பெயரைக் கேட்பதற்கென்றே அன்று வருகிற குடும்பங்கள் உண்டு. பெயரைத் தவறாக உச்சரித்தால் பல ஆண்டுகள் மறக்க மாட்டார்கள். மீதி ஏழரை நிமிடம், அதாவது அறுநூற்றைம்பது, எழுநூறு சொல். ஒரு செய்தியைக் கேட்பவர் மனத்தில் நிற்கும்படி சொல்ல நூற்று முப்பது சொல்லாவது வேண்டும். எனவே பத்து நிமிடம் என்பது உண்மையில் ஐந்து செய்தி. புதிய செயலாளர் கையிலிருக்கும் பக்கங்கள் எத்தனையாயினும், அவர் ஐந்து செய்திகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

2023-இல் இந்தக் கணக்கை நான் போடவில்லை. ஒவ்வொரு துணைக்குழுவின் பகுதியிலிருந்தும் மிகப் பெரிய எண்ணைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். எல்லாக் குழுவும் திருப்தியடையும், நேரமும் மிச்சம் என்று நினைத்தேன். மேடையேறுபவருக்குக் கைதட்டலும் வேண்டியிருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். தமிழ் வகுப்பில் மாணவர் 64 பேர் என்றேன். தைப்பூசக் காவடியில் சங்கத்துக்கு மிச்சம் 41,000 ராண்ட் என்றேன். இரண்டுக்கும் பலத்த கைதட்டல்.

தமிழ் வகுப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அறுபத்து நான்கு என்ற எண் பொய்யில்லை. 2022 தொடக்கத்தில் பள்ளிகள் திறந்தபோது நம் பதிவேட்டில் பெற்றோர் எழுதிவைத்த பெயர்களின் எண்ணிக்கை அது. ஆனால் அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் அதற்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்கள் அச்சாகியிருந்தன. சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வந்தவர்களின் சராசரி 27. ஆண்டிறுதித் தேர்வு எழுதியவர்கள் 19. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். பெயர் எழுதிய எண்ணிக்கை, எத்தனை பெற்றோருக்கு ஆசை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது; வருகைச் சராசரி, எத்தனை பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது என்பதைக் காட்டுகிறது; தேர்வு எண்ணிக்கை, எத்தனை பேர் கடைசிவரை நின்றார்கள் என்பதைக் காட்டுகிறது. நான் முதல் எண்ணை மட்டும் சொன்னதால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் அதுவே விடையாகிவிட்டது.

கூட்டம் முடிந்து தேநீரும் சோஜியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது வகுப்பாசிரியை என்னிடம் வந்தார். கையில் தட்டு. குரலைத் தாழ்த்தி, "மாமா, என் அறையில் நாற்காலியே இருபத்தெட்டுதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் கூட்டத்தில் வேறொன்று நடந்து முடிந்திருந்தது. இரண்டாவது ஆசிரியர் ஒருவரை அமர்த்தும் முன்மொழிவு நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அது ஒப்புதல் பெற்றது. அறுபத்து நான்கு பிள்ளைக்கு ஓராசிரியர் போதாது என்று யார்தான் சொல்லமாட்டார்? பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள், சனிக்கிழமைக் காலை விளையாட்டுப் பயிற்சியோடு மோதுவதால் நேரத்தை மாற்றலாமா என்ற பேச்சே எழவில்லை. பேசுவதற்கு வேண்டிய எண் அவர்கள் காதில் விழவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட வழக்கம் ஒன்றை இங்கே எழுதுகிறேன். ஓர் எண்ணை அறிக்கையிலிருந்து எடுக்கும் முன் அது எதை எண்ணியது, எந்த நாளில் எண்ணியது என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறிக்க முடியாத எண்ணை மேடையில் சொல்லக்கூடாது. விழாவில் உணவருந்தியவர்கள் இத்தனை ஆயிரம் என்று நாம் ஆண்டுதோறும் சொல்லிவந்ததும் இந்த வகைதான். இலைகளை எண்ணினோமா, தட்டுகளை எண்ணினோமா, சமைத்த அரிசியை வைத்து மதிப்பிட்டோமா என்று எந்த ஆண்டும் எந்தச் செயலாளரும் எழுதிவைத்ததில்லை, நான் உட்பட.

காவடி மிச்சத்தின் கதை இதைவிடச் சிக்கலானது; பொருளாளர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். நம் கணக்காண்டு பிப்ரவரி இறுதியில் முடிகிறது. தைப்பூசமோ சனவரியின் பின்பாதியிலோ பிப்ரவரியின் முன்பாதியிலோ வருகிறது. 2023-இல் அது பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. உண்டியல், நன்கொடை, அர்ச்சனைச் சீட்டு எல்லாம் அன்றே அல்லது அந்த வாரத்திலேயே கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், நடமாடும் கழிப்பறை வாடகைக்குத் தருபவர் ஆகியோரின் பில்கள் நிதானமாக வந்து, மார்ச்சில்தான் பணம் கட்டப்படுகிறது. ஆகவே விழா ஒன்றாக இருந்தாலும் அதன் வரவு ஓர் ஆண்டிலும், செலவின் பெரும்பகுதி அடுத்த ஆண்டிலும் விழுகிறது.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதிவரை விழாவுக்கென வந்தது 78,000 ராண்ட். அதே தேதிவரை கொடுத்தது 37,000. ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து நான் கழித்துக்கொண்டது 41,000. மார்ச்சில் கொடுத்த பில்கள் 33,000. உண்மையான மிச்சம் 8,000 ராண்ட். இதில் பொருளாளரின் தவறு ஏதுமில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நிதிநிலை அறிக்கையில் "செலுத்த வேண்டியவை" என்ற தலைப்பின் கீழ் அந்த 33,000 ஒழுங்காகவே காட்டப்பட்டிருந்தது. கணக்கு அலுவலரும் அதைப் பார்த்துத்தான் கையொப்பமிட்டார். ஆனால் நிகழ்ச்சிநிரலில் செயலாளர் அறிக்கை முதலில், பொருளாளர் அறிக்கை அதன்பின். நான் சொன்ன 41,000 மண்டபத்தில் அரைமணி நேரம் தனியே உலவியது. பொருளாளர் எழுந்து ஒரு தாளின் அடிப்பகுதியிலிருந்த ஒரு வரியை வாசித்தபோது, அந்த வரியும் என் எண்ணும் ஒரே விழாவைப் பற்றியவை என்று யாருக்கும் படவில்லை. இறுதியில் "வேறு விடயங்கள்" பகுதியில் ஓர் அன்பர் எழுந்து, காவடியில்தான் நாற்பதாயிரம் மிஞ்சியிருக்கிறதே, முப்பதாயிரத்தில் புது ஒலிபெருக்கி வாங்குவோம் என்றார். முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதூக்கி நிறைவேற்றினோம். சூன் மாதச் செயற்குழுவில் பணம் எங்கே என்று தேடினோம். அந்தத் தீர்மானம் இன்றுவரை நிறைவேறாமல், ஒவ்வோர் ஆண்டும் "முந்தைய கூட்டத்திலிருந்து எழும் விடயங்கள்" பகுதியில் தலைகாட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் செயற்குழு வேண்டுமென்றே இழுத்தடிக்கிறது என்று பேசியதையும் கேட்டேன். இழுத்தடிக்கவில்லை, நான் சொன்ன பணம் இருந்ததே இல்லை.

ஆகவே என் முதல் கோரிக்கை: செயலாளரின் உரையில் வரும் ஒவ்வொரு பணத்தொகையையும் கூட்டத்துக்கு முன் பொருளாளர் ஒரு முறை கேட்டு, தம் தாளோடு ஒத்துப்பார்க்கட்டும். என்னைக் கேட்டால், செயலாளர் பணத்தொகையே சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. விழா எப்படி நடந்தது என்று செயலாளர் சொல்லலாம். அதில் என்ன மிஞ்சியது என்பதைப் பொருளாளரே சொல்லட்டும், அதையும் எல்லா பில்களும் தீர்ந்த பிறகு விழாவுக்கென்று தனியாகப் போட்ட கணக்காகச் சொல்லட்டும்.

இனி, ஐந்து செய்திகளை எங்கே தேடுவது? அறிக்கையைப் புரட்டித் தேடினால் நான் செய்ததைப்போலப் பெரிய எண்கள்தான் கண்ணில் படும். என் அனுபவத்தில் முதலில் எடுக்க வேண்டியது சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் கூட்டக் குறிப்பு. அந்தக் கூட்டம் செயற்குழுவிடம் என்னென்ன ஒப்படைத்தது என்பது அதில் இருக்கும். 2022-இல் மூன்று வேலைகளை ஒப்படைத்தார்கள்: மண்டபக் கூரையின் ஒழுக்கை அடைப்பது, சங்க விதியில் சந்தா பற்றிய பிரிவைத் திருத்துவது, இன்னோர் இடத்தில் தமிழ் வகுப்பு தொடங்குவது. கூரை முடிந்தது, விதித்திருத்தம் பாதியில் நின்றது, வகுப்பு தொடங்கவே இல்லை. இவை மூன்றும் என் உரையில் இருந்திருக்க வேண்டும். கூரை மட்டும் இருந்தது. முடிந்ததைச் சொல்லி முடியாததை விடுவது பேசுபவருக்கு இயல்பாக வந்துவிடுகிறது. அதைத் தடுக்க, கூட்டக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரில் ஆயிற்று, ஆகவில்லை, பாதி என்று எழுதிக்கொள்வதைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, அன்று உறுப்பினர்களிடம் நாம் எதற்குக் கை தூக்கச் சொல்லப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். சந்தாவை உயர்த்தக் கேட்கப்போகிறோம் என்றால், அதற்குக் காரணமான செய்தி அறிக்கையின் எந்த மூலையில் இருந்தாலும் அதை முன்னே கொண்டுவர வேண்டும். மூன்றாவதாக, வழக்கத்துக்கு மாறாக நடந்ததைத் தேட வேண்டும். ஆடி மாதக் கஞ்சி வார்த்தல், நவராத்திரி, தீபாவளி ஆகியவை வழக்கம்போல் நடந்தால் "வழக்கம்போல் நடந்தன, விவரம் இரண்டாம் பக்கத்தில்" என்ற ஒரு வாக்கியம் போதும். வழக்கத்துக்கு மாறாக நடந்தது அந்த ஆண்டு வெள்ளம்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனிலும் சுற்றிலும் பெய்த மழையில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும், டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து அங்கே பல மாதங்கள் குழாயில் நீர் வராமல் போனதையும் இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. நம் இளைஞர்கள் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கலன்கள் தொள்ளாயிரத்தை ஒருவரின் பக்கி வண்டியில் ஆறு நடையாக டொங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். நடைக்கு நூற்றைம்பது கலன், முக்கால் டன் எடை. ஒரு நடையில் வண்டியின் பின்சக்கர வில் முறிந்தது. சமூகநலக் குழு அதை ஏழு வரியில் எழுதித் தந்ததற்குக் காரணம் எழுத ஆள் இல்லாததுதான். வண்டி ஓட்டியவர்களே அந்தக் குழு. அறிக்கையை வாசிப்பவர் பக்க அளவைப் பார்த்து முக்கியத்துவத்தை எடைபோட்டால் இப்படிப்பட்டதை நிச்சயம் தவறவிடுவார். நல்லவேளையாக இதை நான் விடவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் கோட்டைவிட்டேன்.

அன்று என் உரையின் பாதியிலேயே மின்வெட்டு வந்து ஒலிபெருக்கி நின்றுபோனது. 2023-இல் அது யாருக்கும் புதிதில்லை. தொண்டையைத் திறந்து "தொள்ளாயிரம் கலன்கள்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், "தொண்ணூறு கேனுக்கா ஆறு தடவை பெட்ரோல் போட்டீர்கள்?" என்று கேட்டுவிட்டார். மண்டபம் சிரித்தது, வண்டி ஓட்டிய பிள்ளைகள் சிரிக்கவில்லை. தவறு அந்த அம்மாளுடையது இல்லை. தமிழில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒரே மாதிரி தொடங்கி, அடுத்த படியான ஒன்பதாயிரம் வேறு மாதிரி தொடங்குகிறது. வீட்டில் எண்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிவிட்ட நம்மவர்க்கு இந்த இரண்டும் காதில் கலந்துவிடுவதில் வியப்பில்லை. அன்றுமுதல் முக்கியமான எண்ணை ஒரு முறை தமிழிலும் ஒரு முறை "நைன் ஹண்ட்ரட்" என்றும் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். தமிழ்ச் சங்கத்தில் இது தகுமா என்று கேட்ட பெரியவர்களுக்கு, தொள்ளாயிரம் தொண்ணூறாகப் போவது அதைவிடத் தகாது என்று பதில் சொன்னேன். பணத்தை முழு ஆயிரமாக்கிச் சொல்வதும் இதோடு சேர்ந்ததே. நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு ராண்ட் ஐம்பது சென்ட் என்று வாசித்து முடிப்பதற்குள் கேட்பவர் முதல் பாதியை இழந்துவிடுகிறார். சென்ட் வரை வேண்டுபவருக்கு அச்சிட்ட தாள் இருக்கிறது.

எழுதிய வாக்கியத்தை அப்படியே வாசிப்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. எழுத்தில் இருக்கும்போது கண் முன்னே ஓடிப் பார்த்துவிடும். காதால் அது முடியாது. முதியோர் குழுவின் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "மூத்த உறுப்பினர்களுக்கான இலவசக் கண் பரிசோதனை முகாமை இரு நாட்கள் நடத்துவதெனத் தீர்மானித்து, மருத்துவர்களின் இசைவையும் பெற்று, அழைப்பிதழ்களை அச்சிட்டு வழங்கியிருந்த நிலையில், மண்டபம் கிடைக்காத காரணத்தால் அது நடைபெறவில்லை." இசைவையும் பெற்று என்ற இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன், முன்வரிசைத் தாத்தா ஒருவர் கைதட்டத் தொடங்கினார், அவரைப் பார்த்து நான்கைந்து பேர் தட்டினார்கள். நான் வாக்கியத்தை முடிக்க வேண்டியிருந்தது. வாயால் சொல்லும்போது முடிவு முதலில் வரவேண்டும்: "கண் முகாம் நடக்கவில்லை. மண்டபம் கிடைக்கவில்லை. மருத்துவர்கள் இசைந்திருந்தார்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறோம்." ஆகவே புதிய செயலாளர் அறிக்கையில் கோடு போட்டு வாசிக்க வேண்டாம். ஐந்து செய்திகளையும் தனித்தாளில், தாம் பேசுகிற வாக்கியங்களில், புதிதாக எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொன்றின் இறுதியிலும் "விவரம் ஆறாம் பக்கத்தில்" என்று பக்க எண்ணைச் சொல்லட்டும்.

பக்க எண் பயன்பட வேண்டுமானால் பக்கங்கள் முன்கூட்டியே உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். இதுவரை அறிக்கையை வாசலில், கையொப்பமிடும் மேசையில்தான் கொடுத்துவந்தோம். கூட்ட அறிவிப்போடு சேர்த்து, குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டால், கூட்டத் தொடக்கத்தில் ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிய, அறிக்கை வாசித்ததாகக் கொள்ளப்படலாம். அதன்பின் செயலாளர் பேசுவது அறிக்கைக்கு மாற்றாகாது. அறிக்கைக்குள் நுழைய ஒரு வாசல்தான். ஏற்புக்கு விடப்படுவதும் அச்சிட்ட அறிக்கைதான் என்பதைத் தலைவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கான 1997-ஆம் ஆண்டின் 71-ஆம் சட்டப்படி, கணக்காண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் நாம் அரசுக்கு அனுப்ப வேண்டிய செயற்பாட்டு அறிக்கைக்கும் இதுவே அடிப்படை. பிப்ரவரி இறுதியில் ஆண்டு முடியும் நமக்கு அது நவம்பர் இறுதி. மேடையில் ஓர் எண், தாளில் ஓர் எண், அரசுக்குப் போனதில் ஓர் எண் என்று இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் செயலாளர்தான். 2023-இல் அரசுக்குப் போனது அச்சிட்ட அறிக்கையின் எண்கள். என் வாயில் வந்தவை போகவில்லை. அந்த மட்டில் தப்பித்தோம்.

நன்றி நவிலலைப் பற்றிப் பலர் என்னிடம் வருந்துவார்கள் என்று தெரியும். இரண்டு பக்கப் பெயர்களை வாசிக்க ஐந்து நிமிடம் ஆகும். விடுபட்ட ஒரு பெயருக்கு ஐந்து ஆண்டு. எல்லாப் பெயரையும் அச்சில் போடுங்கள், மேடையில் யார் பெயரையும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக, 2023 கூட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கூட்டக் குறிப்பில் என் இரண்டு எண்களும் நான் சொன்னபடியே பதிவாகி, அடுத்த ஆண்டு ஏற்கப்பட்டும் விட்டன. குறிப்பைத் திருத்துமாறு சிலர் யோசனை சொன்னார்கள், அது முறையன்று. கூட்டக் குறிப்பு, கூட்டத்தில் சொல்லப்பட்டதைப் பதிவு செய்கிறது. நான் அப்படித்தான் சொன்னேன், குறிப்பு சரியாகவே இருக்கிறது. திருத்தம் புதிய கூட்டத்தின் குறிப்பில், புதிய பதிவாகத்தான் வர வேண்டும். எனவே வருகிற மே மாதக் கூட்டத்தில், முந்தைய கூட்டத்திலிருந்து எழும் விடயங்கள் என்ற பகுதியில், ஒலிபெருக்கித் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பாக, பின்வரும் பதிவுக்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நானே எழுந்து வாசிக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

"2023-ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அப்போதைய செயலாளர் வாய்மொழியாகக் கூறிய இரண்டு எண்கள், அச்சிட்ட அறிக்கையிலும் நிதிநிலை அறிக்கையிலும் இருந்ததை முழுமையாகக் காட்டவில்லை. தைப்பூசக் காவடியின் மிச்சம், எல்லா பில்களும் தீர்ந்த பின், 8,000 ராண்ட், 41,000 அன்று. தமிழ் வகுப்பில் பெயர் பதிந்தோர் 64, வகுப்புக்கு வந்தோரின் சராசரி 27, தேர்வெழுதியோர் 19. இரண்டாவது ஆசிரியர், ஒலிபெருக்கி ஆகிய இரண்டு தீர்மானங்களும் முன்னைய எண்களைக் கேட்டு நிறைவேற்றப்பட்டவை என்பதால், அவற்றைக் கூட்டம் மறுபடியும் கருதலாம்."

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் செயலாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.